ஓணம் இந்த வருஷம் ஆகஸ்ட் 26: துணிக்கடை மெசேஜை எந்த நாள், எத்தனை மணிக்கு அனுப்பலாம்?

கொழிஞ்சாம்பாறை_ஜவுளி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு ஒரு நடுத்தரத் துணிக்கடை இருக்கிறது. பில் போடும்போது வாங்கி வைத்த நம்பர் மூவாயிரத்துச் சொச்சம், ஈமெயில் நானூறு போல. ஈமெயில் எல்லாம் பெரும்பாலும் துபாய், ரியாத்தில் இருக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுடையது.

போன வருஷம் திருவோணம் செப்டம்பர் 5. நாங்கள் செப்டம்பர் 1, 2 இரண்டு நாளும் சாயங்காலம் எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் இரண்டிலும் அனுப்பினோம், கடையில் நிற்க இடமில்லை. இந்த வருஷம் ஓணம் ஆகஸ்ட் 26. அப்படியே பத்து நாள் முன்னால் நகர்த்தி ஆகஸ்ட் 22, 23 என்று வைத்துக்கொண்டால் போதும், சனி ஞாயிறாகவும் அமைகிறது என்கிறார் அப்பா. எனக்கு ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வாடிக்கையாளரில் பாதிப் பேர் கேரள அரசு வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. மீதிப் பேர் கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம்.

கயிறு_கம்பெனி_பொள்ளாச்சி

இதில் யோசிக்க என்னங்க இருக்கு? சம்பளம் ஒண்ணாம் தேதி. ஒண்ணாம் தேதி காலையில் ஒன்பது மணிக்கு எல்லாரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பேங்க் மெசேஜ் வந்ததா என்று. அதன் அடியிலேயே உங்கள் மெசேஜ் போய் உட்கார வேண்டும். ஆகஸ்ட் 1 காலை ஒன்பது மணி, முடிந்தது கதை.

சித்தூர்_டீச்சர்

நான் உங்கள் லிஸ்டில் இருக்கிற ஆள் மாதிரிதான், அதனால் சொல்கிறேன். கேரள அரசில் சம்பளம் எல்லாருக்கும் ஒரே நாளில் ஏறாது. மாசத்தின் முதல் சில வேலை நாளில், துறை துறையாகப் பிரித்து டிரஷரியிலிருந்து வரும். அதோடு அது போன மாசம் வேலை பார்த்த சம்பளம். போன வருஷம் உங்களுக்குக் கூட்டம் வந்ததற்குக் காரணம், ஆகஸ்ட் மாசச் சம்பளம் செப்டம்பர் ஒன்று முதல் ஏறியது, ஓணம் அந்த வெள்ளிக்கிழமையே வந்தது. கையில் சம்பளம், முன்னாலேயே வந்த போனஸ், இரண்டும் ஒரே வாரம் பையில் இருந்தது.

இந்த வருஷம் ஆகஸ்ட் சம்பளம் ஓணம் முடிந்து செப்டம்பரில்தான் வரும். ஆகஸ்ட் 22 ஆகும்போது ஜூலைச் சம்பளத்தில் வீட்டுக்கடன், சீட்டு, பால் பாக்கி எல்லாம் போய், பாக்கி என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு அப்போது இருப்பது போனஸும் அட்வான்ஸும்தான். போன வருஷம் போனஸ் 4,500 ரூபாய், போனஸுக்குத் தகுதி இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு உற்சவப்படி 3,000, கேட்பவர்களுக்கு அட்வான்ஸ் 20,000. இந்த வருஷத்துக்கான உத்தரவு வரட்டும்.

பாலக்காடு_கேம்பெய்ன்_அக்கா

டீச்சர் சொன்னதுதான் விஷயமே. தம்பி, உங்கள் அப்பா பண்டிகைத் தேதியைப் பார்த்து நகர்த்துகிறார். நகர வேண்டியது பணம் கைக்கு வருகிற தேதியோடு. போன வருஷம் இந்த இரண்டும் ஒன்றாக விழுந்தது, அதனால் வித்தியாசம் தெரியவில்லை.

நான் பாலக்காட்டிலும் கோவையிலும் கடைகளுக்கு மெசேஜ் வேலை பார்க்கிறேன், பண்டிகை வந்தால் இதே கேள்விதான். முதலில் பொள்ளாச்சி அண்ணாவுக்கு ஒரு சின்னத் திருத்தம். விளம்பர எஸ்எம்எஸ் காலை ஒன்பது மணிக்குப் போகாது. தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் விதிப்படி, கடைகள் எஸ்எம்எஸ்ஸுக்குப் பதிய வேண்டிய டிஎல்டி வழியாக விளம்பர வகையில் போகிறது காலை 10 முதல் இரவு 9 வரைதான், அதற்கு முன்னால் போட்டால் பத்து மணி வரை வரிசையில் நிற்கும் அல்லது திரும்பி வரும், அது நீங்கள் எந்தக் கம்பெனி வழியாக அனுப்புகிறீர்களோ அதைப் பொறுத்தது. அப்படி வரிசையில் நிற்கிறதெல்லாம் சரியாகப் பத்துக்கு ஒன்றாகக் கொட்டும், அந்தக் கும்பலில் உங்களுடையதும் ஒன்று. ஆனால் அண்ணா சொன்னதில் பாதி சரி. சம்பளம் ஏறிய செய்தியும் கடைச் செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லதுதான், அதே மணி நேரத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மாசச் சம்பளக்காரர் பணம் வந்த அன்றைக்கு கடைக்கு வருவதில்லை, வீட்டில் பேசிவிட்டு அடுத்த விடுமுறை நாளில் வருகிறார்.

இப்போது உங்கள் ஆகஸ்ட் கேலண்டரைப் பாருங்கள். ஒண்ணாம் தேதி சனிக்கிழமை. ஜூலைச் சம்பளம் அன்றைக்குத் தொடங்கி அடுத்த வாரம் சில நாளில் எல்லாருக்கும் ஏறிவிடும். எட்டாம் தேதி இரண்டாம் சனி, கேரள அரசு அலுவலகம் லீவு, பேங்கும் லீவு. சுதந்திர தினம் சனிக்கிழமையில் விழுகிறது. மலையாள மாசமான சிங்ஙம் ஒன்று ஆகஸ்ட் 17, திங்கள். அதாவது நம்ம ஆடி மாதிரியான கர்க்கடகம் முடிந்து ஓணத்துக்கு ஒன்பதே நாள். போன வருஷமும் சிங்ஙம் 17இல்தான் பிறந்தது, ஆனால் ஓணம் செப்டம்பர் 5, நடுவில் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எந்த மெசேஜை எந்த நாளில் போடுவது என்பது இந்தச் சுருங்கின இடைவெளியைப் பொறுத்தது.

மீனாட்சிபுரம்_பேக்கரி

வணக்கம் அக்கா. நானும் இதே யோசனையில்தான் இருக்கிறேன். நேந்திரங்காய் சிப்ஸ், சர்க்கரை உப்பேரி போட்டு துபாய்க்கு அனுப்ப எந்த நாள் நல்லது? கூரியரில் கொடுத்தால் ஓணத்துக்குள் போகுமா? கடைசி மூன்று நாளில்தான் ஆர்டர் வருகிறது, எண்ணெய்ச் சட்டியே இறக்க முடியவில்லை.

கொழிஞ்சாம்பாறை_ஜவுளி

அண்ணா, நான் கேட்டது மெசேஜ் அனுப்புகிற நாள், பார்சல் அனுப்புகிற நாள் இல்லைங்க :)

பாலக்காடு_கேம்பெய்ன்_அக்கா

இருக்கட்டும், அவர் கேள்வியிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. சிப்ஸ் கடைசி மூன்று நாள் சரக்கு, புதுசாக இருக்க வேண்டும், விலையும் கைச்செலவுக்குள் அடங்கும், சம்பளத் தேதி அதற்குப் பெரிசாகக் கணக்கில்லை. துணி அப்படி இல்லை. அதுவும் செட்டு முண்டு, கசவுப் புடவை என்றால் பிளவுஸ் தைக்க வேண்டும். தையல்காரர் எந்தத் தேதியில் ஆர்டர் எடுப்பதை நிறுத்துவார் என்று உங்கள் தெருவில் இரண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள், அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால்தான் உங்கள் முதல் மெசேஜ். இந்த வருஷம் அது ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அதிர்ஷ்டவசமாக ஜூலைச் சம்பளமும் அப்போதுதான் ஏறியிருக்கும்.

அதனால் கேரளச் சம்பளக்காரருக்கு நான் போடுகிற வரிசை இப்படி. ஆகஸ்ட் 5 அல்லது 6, புதன் வியாழன் சாயங்காலம், தையலுக்கு வேண்டிய சரக்கை மட்டும் சொல்லி ஒன்று. எட்டாம் தேதி லீவு நாளில் வருவார்கள். அப்புறம் போனஸ் பணம் கணக்கில் ஏறும்வரை சும்மா இருங்கள். போனஸ் அறிவிப்பு பேப்பரில் வருகிற நாள் வேறு, பணம் ஏறுகிற நாள் வேறு, நடுவில் உத்தரவு, பில், டிரஷரி என்று போகும். அறிவிப்பு வந்த அன்றைக்கே எல்லாக் கடையும் மெசேஜ் போடும், ஆனால் அந்த ஒரு நாளில் யார் பையிலும் காசு இல்லை. உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று அரசு ஊழியரிடம் பேங்க் மெசேஜ் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள், அன்று மாலையோ மறுநாள் மாலையோ உங்கள் இரண்டாவது மெசேஜ் போகட்டும்.

சித்தூர்_டீச்சர்

அக்கா, ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓணப் பரீட்சை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும்போது எந்த அம்மாவும் கடைக்குக் கிளம்ப மாட்டாள், நாங்களும் பேப்பர் கட்டோடு உட்கார்ந்திருப்போம். பரீட்சை முடிகிற அன்று சாயங்காலம் பாலக்காட்டு பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. அந்தத் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டு அதற்கு முந்தின நாள் மெசேஜ் போட்டால் நான் படிப்பேன். பரீட்சைக்கு நடுவில் வந்தால் படிக்காமலே தள்ளிவிடுவேன்.

இன்னொன்று. நாங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், இந்தப் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான். ஓணத்துக்குப் பிள்ளைகளுக்கு ஒரு செட், எனக்கு ஒரு செட்டு முண்டு, அவ்வளவுதான். பெரிய எடுப்பு தீபாவளிக்கு. ஆனால் போனஸ் கிடைப்பது ஓணத்துக்கு. அதனால் எங்களுக்கு ஓணத்தில் "குடும்பம் முழுக்க எடுங்கள்" என்று அனுப்பினால் எடுபடாது.

கயிறு_கம்பெனி_பொள்ளாச்சி

அப்போ எங்கள் பக்கத்து ஆட்களுக்கு? கயிறு, தேங்காய்க் களத்து வேலையில் சனிக்கிழமை வாரக்கூலி. மாசச் சம்பளமே கிடையாது.

பாலக்காடு_கேம்பெய்ன்_அக்கா

அவர்களுக்கு ஓண மெசேஜே வேண்டாம் அண்ணா, ஆடித் தள்ளுபடிதான் அவர்களுக்கு. வாரக்கூலிக்காரருக்கு வெள்ளி மாலை அல்லது சனி மத்தியானம் சாப்பாட்டு நேரம். சனி சாயங்காலம் பணம் வாங்கினதும் பஜாருக்குப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு வருகிற மெசேஜ் ஞாயிறு காலையில்தான் கண்ணில் படும், அதற்குள் பாதிப் பணம் எங்கே போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுக்குப் பெரிய நாள் தீபாவளி போனஸ். போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20, ஆனால் எந்த நாளில் கொடுப்பார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த வருஷம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. தமிழ்நாட்டு அரசில் சம்பளம் மாசக் கடைசி வேலை நாளில் வரும், அது அக்டோபர் 30, வெள்ளி. கேரளா மாதிரி அடுத்த மாசத் தொடக்கம் இல்லை, இதைப் பல கடைகள் கவனிப்பதில்லை. சம்பளம், போனஸ், பண்டிகை எல்லாம் பத்து நாளுக்குள். போன வருஷம் தீபாவளி அக்டோபர் 20, செப்டம்பர் சம்பளம் தீர்ந்து போன நேரம். அதனால் இந்த வருஷம் தமிழ்நாட்டுப் பக்கத்து லிஸ்டுக்கு அக்டோபர் 29 வியாழன் மாலை ஒரு நல்ல நேரம் என்று நினைக்கிறேன், 31, 1 சனி ஞாயிறுக்கு மனசில் கடை பெயர் ஏறியிருக்கும்.

கொழிஞ்சாம்பாறை_ஜவுளி

அக்கா, ஆனால் யார் மாசச் சம்பளம், யார் வாரக்கூலி என்று எனக்கு எப்படித் தெரியும்? கடையில் நின்று சம்பளம் எப்போது என்று கேட்டால் அடிக்க வருவார்கள்.

பாலக்காடு_கேம்பெய்ன்_அக்கா

கேட்கவே வேண்டாம், உங்கள் பில்லிங் சாப்ட்வேரிலேயே இருக்கிறது. நம்பர், தேதி, நேரம், தொகை, இந்த நாலை மட்டும் இரண்டு வருஷத்துக்கு எக்செலில் எடுங்கள். ஓணம், தீபாவளிக்கு முந்தின வாரங்களைத் தள்ளிவிடுங்கள், அப்போது எல்லாரும் வருவார்கள், அதை வைத்து ஒன்றும் பிரிக்க முடியாது. மீதி நாளில் ஒருவருடைய பில் மாசம் 2 முதல் 8 தேதிக்குள் அடிக்கடி விழுந்தால் கேரள மாசச் சம்பளம். 30, 31, 1 என்று விழுந்தால் தமிழ்நாட்டு மாசச் சம்பளமாக இருக்கலாம். சனி மாலையும் ஞாயிறும் மட்டும் விழுந்து தேதியில் ஒழுங்கு இல்லாமல் இருந்தால் வாரக்கூலி அல்லது சொந்தத் தொழில். வருஷத்துக்கு இரண்டே பில் இருக்கிறவர்கள்தான் லிஸ்டில் பெரும்பாலும் இருப்பார்கள், அவர்களை இதை வைத்துப் பிரிக்க முடியாது. அவர்களுக்கு போன வருஷம் ஓணத்துக்கு வந்தாரா, தீபாவளிக்கு வந்தாரா என்பதை மட்டும் பாருங்கள், போதும்.

நேரத்தையும் அதிலேயே பார்க்கலாம், ஆனால் ஏமாறாதீர்கள். பில் நேரம் மாலை ஆறரை என்றால் மெசேஜை ஆறரைக்குப் போடக் கூடாது. அது ஆபீஸ் விட்டு பஸ் இறங்கி கடைக்கு வந்து சேர்ந்த நேரம். முடிவு அதற்கு முந்தின ராத்திரி வீட்டில் எடுத்தது. அதனால் நான் மாலை ஏழரையிலிருந்து எட்டரைக்குள் போடுவேன், ஒன்பது மணித் தடைக்கு முன்னால் சேர வேண்டும், பண்டிகை வாரத்தில் எஸ்எம்எஸ் தாமதமாகச் சேருவதும் உண்டு.

வேலந்தாவளம்_மெடிக்கல்ஸ்

ராத்திரி ஏழரைக்கா? சீரியல் நேரம். எங்கள் கடை அனுபவத்தில் மத்தியானம் ஒரு மணிக்குப் போட்டால்தான் பதில் வருகிறது. ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டே போன் நோண்டுவார்கள்.

பாலக்காடு_கேம்பெய்ன்_அக்கா

மருந்துக்கு ஒரு ஆள் முடிவு பண்ணினால் போதும், துணிக்கு வீடு கூட வேண்டும். ஆனாலும் உங்கள் ஒரு மணியை நான் தள்ளவில்லை. இரண்டையும் பாதிப் பாதியாகப் போட்டுப் பார்க்கலாம், ஊருக்கு ஊர் மாறும்.

எல்லையோரன்

இதெல்லாம் வேஸ்ட். ஓணம் வந்தால் என் போனில் நாற்பது கடை மெசேஜ். நான் எல்லாவற்றையும் பிளாக் பண்ணிவிடுவேன். நல்ல சரக்கு வையுங்கள், தானாக வருவார்கள்.

கொழிஞ்சாம்பாறை_ஜவுளி

அந்த நாற்பதில் எங்கள் கடையும் இருந்தால் மன்னிச்சுக்குங்க :) ஆனால் நிஜமாகவே ஒரு சந்தேகம். போன ஓணத்துக்கு வாட்ஸ்அப்பில் நிறையப் பேருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று ரிப்போர்ட்டில் வந்தது. நம்பர் சரியானதுதான், பணமும் கட்டியிருந்தோம்.

பாலக்காடு_கேம்பெய்ன்_அக்கா

ரிப்போர்ட்டில் `131049` என்று இருந்ததா பாருங்கள். அப்படி இருந்தால் அது நம்பர் தப்பில்லை. ஒரு ஆளுக்கு எல்லாக் கடைகளும் சேர்ந்து இவ்வளவு விளம்பர மெசேஜ்தான் என்று மெட்டா ஒரு வரம்பு வைத்திருக்கிறது, அந்த எண்ணிக்கையை வெளியில் சொல்வதில்லை. எல்லையோரன் சொன்ன நாற்பது கடைக் கதைதான் இது. ஓணத்துக்கு முந்தின நாலு நாளில் எல்லாரும் அடிக்கும்போது, பின்னால் வருகிறவருடையது நிற்கிறது. உடனே மறுபடி மறுபடி அனுப்பினால் பிரயோஜனம் இல்லை, நாள் தள்ளித்தான் முயல வேண்டும். அதனால் வாட்ஸ்அப்பை 22, 23க்குப் பதிலாக 19, 20 வாக்கிலேயே போட்டுவிடுங்கள். கடைசி நாட்களுக்கு எஸ்எம்எஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்எஸ்ஸிலும் இரண்டு வேலையை ஜூலையிலேயே முடியுங்கள். டிஎல்டியில் டெம்ப்ளேட் அனுமதிக்கு நேரம் எடுக்கும், போனஸ் ஏறின அன்றைக்கு எழுதி அன்றைக்கே அனுப்ப முடியாது. தேதி, தள்ளுபடி இரண்டையும் மாற்றிக்கொள்கிற மாதிரி முன்னாலேயே வாங்கி வையுங்கள். மெசேஜில் லிங்க் இருந்தால் அதையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து பதியாத லிங்க் இருந்தால் மெசேஜே போகாது. தமிழிலோ மலையாளத்திலோ எழுதினால் 70 எழுத்துக்குள் அடக்குங்கள், தாண்டினால் இரண்டு மெசேஜ் காசு. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும், அதனால் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மீனாட்சிபுரம்_பேக்கரி

நான் போனில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்புகிறேன், இலவசம்தான். அது போதாதா?

பாலக்காடு_கேம்பெய்ன்_அக்கா

ஒரு லிஸ்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் போகும். உங்களுக்குச் சிப்ஸ் வாங்குகிற வீடுகள் சேமித்திருப்பார்கள், உங்களுக்கு அது போதும் அண்ணா. 23ஆம் தேதி சாயங்காலம், "நாளை காலை முதல் சட்டி ஏறுகிறது" என்று ஒரே வரி. மூவாயிரம் நம்பர் இருக்கிற துணிக்கடைக்குப் போதாது.

துபாய்_நல்லேப்பிள்ளி

ஈமெயில் பற்றி யாரும் பேசவில்லையே. எங்களுக்கு 2022இலிருந்து சனி ஞாயிறுதான் லீவு, வெள்ளி அரை நாள். ரியாத்தில் வெள்ளி சனி. ஊர்க் கடைகள் இந்திய நேரம் காலை பத்து மணிக்கு அனுப்புகிறார்கள், எங்களுக்கு அது எட்டரை, வேலைக்கு ஓடுகிற நேரம், மதியம் பார்க்கும்போது அது கீழே போயிருக்கும். நான் அம்மாவுக்கும் தங்கைக்கும்தான் எடுக்கிறேன், வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பீர்களா என்பது முதல் வரியில் இருந்தால் உடனே ஜிபே பண்ணிவிடுவேன். எனக்கு ஓணம் போனஸ் எல்லாம் கிடையாது, மாசம் பிறந்து முதல் வாரம்தான் பணம் அனுப்புகிற வாரம்.

கொழிஞ்சாம்பாறை_ஜவுளி

இது புதுசு அண்ணா. அப்போ துபாய் ஆட்களுக்கு ஆகஸ்ட் 1, சனி காலை, இந்திய நேரம் பதினொன்றரைக்கு, ரியாத்துக்கு வெள்ளி மத்தியானம் கழித்து என்று இரண்டாகப் பிரிக்கிறேன். ஆனால் எத்தனை பேர் திறந்தார்கள் என்று பார்த்து நேரத்தை முடிவு செய்யலாமா?

பாலக்காடு_கேம்பெய்ன்_அக்கா

திறந்த கணக்கை நம்பாதீர்கள். ஐபோனில் 2021இலிருந்து, ஆள் பார்க்காவிட்டாலும் திறந்த மாதிரிக் காட்டுகிற ஏற்பாடு இருக்கிறது, நேரமும் தப்பாக வரும். எத்தனை பேர் பதில் போட்டார்கள், பணம் கட்டினார்கள் என்பதை மட்டும் எண்ணுங்கள்.

எஸ்எம்எஸ்ஸுக்கும் இதேதான். ஓணத்தில் மெசேஜ் போடாவிட்டாலும் கூட்டம் வரும், அதனால் கூட்டத்தைப் பார்த்து மெசேஜ் வேலை செய்தது என்று சொல்ல முடியாது. போன வருஷம் நிற்க இடமில்லை என்றீர்களே, அதில் எவ்வளவு மெசேஜ், எவ்வளவு சம்பளம் என்று உங்களுக்கே தெரியாது. மொபைல் நம்பர் 7இல் முடிகிறவர்களுக்கு மட்டும் இந்த ஓணத்தில் ஒன்றும் அனுப்பாதீர்கள். உதாரணத்துக்கு, கேரளச் சம்பளக்காரர் 1,500 பேர் என்றால் சுமார் 150 பேர் ஒதுங்குவார்கள். அனுப்பின 1,350 பேரில் 108 பேர் வந்தார்கள் என்றால் அது 8 சதவீதம். அனுப்பாத 150இல் 9 பேர் வந்தால் 6 சதவீதம். அப்போது மெசேஜ் கொண்டுவந்தது 108 இல்லை, வெறும் 27 பில்தான். அந்த 27இன் லாபம் மெசேஜ் செலவைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். ஆனால் 150 சின்ன எண்ணிக்கை, ஒன்பதுக்குப் பதில் பன்னிரண்டு பேர் வந்தால் கணக்கே தலைகீழ். ஒரு ஓணத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், தீபாவளியிலும் அதே ஆட்களை விட்டுப் பாருங்கள்.

கயிறு_கம்பெனி_பொள்ளாச்சி

பத்தில் ஒருத்தருக்கு வேண்டுமென்றே அனுப்பாமல் விடுவதா? ஓண வியாபாரத்தில்? எங்கள் முதலாளி கேட்டால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்.

கொழிஞ்சாம்பாறை_ஜவுளி

அப்பாவும் அதைத்தான் சொல்கிறார் :) இருபதில் ஒருத்தர் என்று பேசிப் பார்க்கிறேன்.

இப்போதைக்கு என் கணக்கு: 1ஆம் தேதி வெளிநாட்டு ஈமெயில், 5ஆம் தேதி மாலை தையல் சரக்கு, போனஸ் ஏறினதும் ஒன்று, பரீட்சை முடிவதற்கு முந்தின நாள் ஒன்று, 24 மத்தியானம் இன்னும் வாங்காதவர்களுக்கு மட்டும் ரெடிமேடும் வேட்டியும் சொல்லி எஸ்எம்எஸ். வாங்கினவர் நம்பரை அன்றன்றைக்கு ராத்திரி எடுத்துவிடுவேன். போனஸும் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறேன். ஒரே ஒரு தகராறு பாக்கி. 5ஆம் தேதி என்றால் நடு கர்க்கடகம், அதில் ஓணப் புடவை எடுக்கச் சொன்னால் யாரும் வர மாட்டார்கள், சிங்ஙம் பிறக்கட்டும் என்கிறார் அப்பா.

சித்தூர்_டீச்சர்

என் மாமியாரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் தைக்கக் கொடுப்பது கர்க்கடகத்தில், உடுத்துவது சிங்ஙத்தில் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு துணி எடுத்தும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் கேட்டால் பாதிக்குப் பாதிதான் வரும்.

பாலக்காடு_கேம்பெய்ன்_அக்கா

பில்லில் பாருங்கள் தம்பி. 2023இல் ஓணம் ஆகஸ்ட் 29, ஏறக்குறைய இதே நிலைமை. அந்த வருஷம் ஆகஸ்ட் 16 வரைக்கும் பிளவுஸ் துணி, புடவை எவ்வளவு போனது, அதற்குப் பிறகு எவ்வளவு போனது என்று எடுத்துப் போடுங்கள், அப்பாவிடம் அதைக் காட்டிப் பேசலாம்.

கொழிஞ்சாம்பாறை_ஜவுளி

2023 பில் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது அக்கா. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.